அறைக்குள் வந்த யானை: மொழிபெயர்ப்பு வாடை அடிக்கும் தொடர்களைத் தமிழாக்கும் வழி

கோத்தகிரியில் எங்கள் தெரு முடிகிற இடத்தில் தேயிலைத் தோட்டம் தொடங்குகிறது. அந்தத் தோட்டத்தில் பல வருடம் கொழுந்து எடுத்து ஓய்ந்த அக்கா ஒருவர் பக்கத்து வீட்டில் இருக்கிறார். சிறுமியாக இருந்தபோது கண்டிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவர். தமிழ்ப் பத்திரிகையை வரி விடாமல் படிப்பார். ஆங்கிலம் தெரியாது. திருத்துவதற்காக எனக்கு வரும் மொழிபெயர்ப்புகளில் சந்தேகமான பத்திகளை அவருக்குத்தான் படித்துக் காட்டுவேன். ஒருநாள், "அறையில் இருந்த யானையைப் பற்றி யாரும் பேசவில்லை" என்று படித்தேன். "எந்த ஊர்ல? கூடலூர்ப் பக்கமா? ஆளுக்கு ஒண்ணும் ஆகலையே?" என்று பதறிவிட்டார்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் யானை வீட்டுச் சுவரை இடித்து அரிசி தேடுவது நடக்கிற காரியம். அவர் பதறியதில் தவறே இல்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு சங்கடத்தை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை என்பதுதான் மொழிபெயர்ப்பாளர் சொல்ல வந்தது. அக்காவுக்குப் போய்ச் சேர்ந்தது வேறொரு செய்தி. புரியாமல் போயிருந்தால்கூடப் பரவாயில்லை, அவர் கேட்டிருப்பார். வேறொன்றாகப் புரிந்துவிட்டதால், நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவர் பாட்டுக்குப் படித்துக்கொண்டே போயிருப்பார்.

ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் தமிழில் இறக்கிவைத்த நடையைத் திருத்தும்போது, அதே எடையுள்ள தமிழ்த் தொடரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதை ஒரே பத்தியை வைத்துச் சொல்கிறேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குப் பழகக் கொடுப்பதற்காக நானே கட்டிய பத்தி இது. ஒவ்வொரு தொடரும் என் மேசைக்கு வந்த ஏதாவது ஒரு பிரதியில் நான் பார்த்ததுதான்.

"மேலாளர் உள்ளே நுழைந்து பனிக்கட்டியை உடைக்க முயன்றார். ஆனால் அறையில் இருந்த யானையைப் பற்றி யாரும் பேசவில்லை. தொழிற்சாலை மூடப்படும் என்ற வதந்திகளை ஒரு சிட்டிகை உப்புடன் எடுத்துக்கொள்ளுமாறு அவர் கேட்டுக்கொண்டார். 'நாளின் முடிவில், நாம் அனைவரும் ஒரே படகில்தான் இருக்கிறோம்' என்றார். அது கடைசி வைக்கோலாக இருந்தது. முருகேசன் தனது குளிர்ச்சியை இழந்தான். 'உங்களிடம் உயிர்காப்பு அங்கி இருக்கிறது' என்று அவன் கூறினான்."

முதலில் அடையாளம் காணுங்கள்

யானையும் உப்பும் யார் கண்ணுக்கும் படும். தப்பிவிடுவது "நாளின் முடிவில்" போன்றவை. ஆங்கிலத்தில் இது தேய்ந்துபோன தொடர். அதைச் சொல்கிறவர் எவரும் மாலை நேரத்தை நினைப்பதில்லை. தமிழில் எழுதினால் சாயங்காலம் ஐந்து மணி என்றே ஆகிவிடுகிறது. தோட்டத்தில் அது கொழுந்து நிறுக்கிற நேரம்.

ஆங்கிலமும் தெரிந்த நமக்கு இவை உறுத்தாது. கண் தமிழைப் படிக்கும்போதே மனம் ஆங்கிலத்தை எடுத்துக் கொடுத்துவிடும். அதனால் மூலத்தை மூடிவைத்துவிட்டு, தமிழ்ப் பிரதியை வாய்விட்டுப் படியுங்கள். ஒவ்வொரு வாக்கியத்திலும், "இதன் பொருள் எனக்குத் தமிழ் வழியாக வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆங்கிலம் வழியாக வந்ததென்றால் ஓரத்தில் ஒரு கோடு போடுங்கள். திருத்த வேண்டாம், கோடு மட்டும். படித்துக்கொண்டே திருத்த ஆரம்பித்தால் அடுத்த வாக்கியத்திலேயே காது மந்தமாகிவிடும்.

கோடு போட்டதையெல்லாம் மாற்றத்தான் வேண்டும் என்றும் இல்லை. "பச்சைக்கொடி காட்டினார்" என்பது ரயிலோடு வந்த வழக்கு. இன்று குன்னூர் ஸ்டேஷனில் நிற்கும் எவருக்கும் அதை விளக்க வேண்டியதில்லை. "முதலைக் கண்ணீர்" வெளியிலிருந்து வந்தது, வந்து தமிழாகிவிட்டது. அதை எடுத்துவிட்டு "நீலிக் கண்ணீர்" என்று போடுகிறவர்கள், பழையனூர் நீலியின் பழிவாங்கும் கதையையும் சேர்த்தே உள்ளே கொண்டுவருகிறார்கள். மூலத்தில் பொய்யழுகை மட்டும் இருந்தால் அது அதிகம். ஆங்கிலம் அறியாத ஒருவருக்குத் தடங்கலில்லாமல் சரியான பொருளில் போய்ச் சேருகிற தொடரை விட்டுவிடுங்கள். அது எங்கே பிறந்தது என்பது நம் கவலை இல்லை.

படத்தைக் கழற்றிவிட்டுப் பொருளை எழுதுங்கள்

கோடு போட்ட ஒவ்வொரு தொடருக்கும் பக்கத்தில் அதன் பொருளை உவமையே இல்லாமல் எழுதுங்கள். இதைத் தாண்டிக் குதித்துப் போகிறவர்கள்தான் தவறான பழமொழியில் போய் விழுகிறார்கள்.

யானைக்கு வருவோம். புதியவர்களில் பலர் இதற்கு "முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார்கள்" என்று எழுதுகிறார்கள். பெரியது, மறைக்க முடியாதது என்ற ஒற்றுமை அவர்களை இழுத்துவிடுகிறது. ஆனால் பூசணிக்காயை மறைப்பவன் பொய்யன். வெளியில் தெரிந்த உண்மையை இல்லையென்று சாதிக்கிறவன். நம் பத்தியில் யாரும் பொய் சொல்லவில்லை. எல்லாருக்கும் பயம், தயக்கம். அதனால் பேசவில்லை. "எல்லாருக்கும் தெரியும், பேச யாருக்கும் வாய் வரவில்லை" என்று பொருளை முன்பே எழுதி வைத்திருந்தால் பூசணிக்காய் பக்கத்திலேயே வந்திருக்காது.

இன்னொரு உதாரணம். பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்கு ஒரு ரூபாய் கூட்டிக் கொடுத்தார்கள், "அது கடலில் ஒரு துளி" என்று ஒரு பிரதியில் இருந்தது. மொழிபெயர்த்தவர் திருத்தும்போது "கடலில் கரைத்த பெருங்காயம்" என்று மாற்றியிருந்தார். கடல் இருக்கிறது, சிறிய பொருள் இருக்கிறது, ஆனால் பொருள் வேறு. பெருங்காயத்தைக் கடலில் கரைத்தால் பட்ட பாடு சுவடில்லாமல் போகும். இங்கே சொல்ல வந்ததோ தேவை பெரிது, கொடுத்தது சிறிது என்பது. அதற்கு "யானைப் பசிக்குச் சோளப்பொரி" என்று அச்சில் வார்த்தது போல ஒரு தொடர் இருக்கிறது. அதில் இருக்கிற லேசான ஏளனமும் விலை கட்டாத சிறு விவசாயியின் வாய்க்குப் பொருந்துகிறது. அதே வாக்கியம் ஒரு கணக்கறிக்கையில் வந்தால் அந்த ஏளனம் கூடாது. "அது எந்த மூலைக்கு?" என்பதுகூட அங்கே அதிகம். "தேவைக்கு அது போதாது" என்று விட வேண்டியதுதான்.

எடை பார்ப்பது

வேலையில் பாதி நேரம் இங்கேதான் போகும், போகவும் வேண்டும். பொருள் ஒன்றாக இருந்தும் எடை மாறிப்போனால் பாத்திரமே மாறிவிடும். ஒருவர் இறந்ததைச் சொல்ல, காலமானார், போய்ச் சேர்ந்தார், கண்ணை மூடினார், மண்டையைப் போட்டார் என்று எத்தனையோ உண்டு. பொருள் ஒன்றுதான். ஆனால் "மண்டையைப் போட்டார்" என்று சொல்கிறவருக்கு இறந்தவர் மேல் மரியாதை இல்லை என்பது அந்தச் சொல்லிலேயே தெரிந்துவிடுகிறது.

"குளிர்ச்சியை இழந்தான்" என்பதற்கு நான் செய்வது இது. கோபத்துக்குத் தமிழில் தோன்றுவதையெல்லாம் ஒரு தாளில் லேசானதிலிருந்து கனமானது வரை கீழிருந்து மேலாக எழுதுவேன். முகம் சுண்டியது. சுருக்கென்றது. பொறுமை போய்விட்டது. கொதித்துப்போனான். வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான். பிறகு மூலத்தில் அந்தத் தொடர் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பேன். அதுவரை அடக்கி வைத்திருந்தவன் அந்தக் கணத்தில் அடக்கத்தை விட்டான் என்பது மூலம். நடுப்படி. "சுருக்கென்றது" மனத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறது. "கொதித்துப்போனான்" ஒரு படி மேலே போகிறது. பிறகு அவன் சொல்லும் ஒற்றை வரி அமைதியாக இருப்பதால் அது ஒட்டாது.

மேல்படியில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. "வானத்துக்கும் பூமிக்குமாகக் குதித்தான்" என்றால் கோபப்பட்டவனைப் பார்த்து நாம் முகம் சுளிக்கிறோம் என்று அர்த்தம். முருகேசனின் கோபம் நியாயமானது, கதை அவன் பக்கம் நிற்கிறது. தொடர் அவனைக் காட்டிக்கொடுத்துவிடக் கூடாது. ஆகவே எடை என்று நான் சொல்வதில் சூடு மட்டும் இல்லை, அந்தத் தொடர் யார் பக்கம் சாய்கிறது என்பதும் அடங்கும்.

"கடைசி வைக்கோல்" இன்னும் சுவையானது. ஒட்டகத்தின் முதுகை முறித்த வைக்கோல் அது. தமிழில் ஏறக்குறைய அதே படம் திருக்குறளில் இருக்கிறது. 475ஆம் குறள்: "பீலிபெய் சாகாடும் அச்சிறும் அப்பண்டஞ் சால மிகுத்துப் பெயின்." மயிலிறகுதான், ஆனாலும் அளவுக்கு மேல் ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும். இதைக் கண்டுபிடித்தவுடன் எனக்கும் கை பரபரத்தது, உள்ளே வைத்தும் பார்த்தேன். நிற்கவில்லை. குறள் வந்தவுடன் வாசகர், தோட்டத் தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீட்டுக் கூட்டத்திலிருந்து எழுந்து வகுப்பறைக்குப் போய்விடுகிறார். ஆங்கிலத்தில் வைக்கோல் சாதாரணப் பேச்சு, இங்கே பீலி மேற்கோள். படம் பொருந்தினாலும் எடை பொருந்தவில்லை. ஒரு மேடைப்பேச்சை மொழிபெயர்க்கும்போது அதே குறள் கச்சிதமாக உட்காரும்.

சந்தேகம் வந்தால் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியைப் பாருங்கள். பேச்சு வழக்கு, உயர் வழக்கு என்று குறிப்புப் போட்டிருக்கும். ஒரு தொடரின் பொருள் நமக்குத் தெரிந்திருந்தாலும் அந்தக் குறிப்புக்காகவே புரட்டலாம்.

மாற்றுத் தொடரை எங்கே தேடுவது

பழமொழியில் தொடங்காதீர்கள். தமிழில் அழுத்தம் பெரும்பாலும் வினையில் இருக்கிறது. "பேசினார்" என்பதற்கும் "பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்" என்பதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். பனிக்கட்டியை உடைப்பதில் இருக்கிற தயக்கமும் முயற்சியும் அந்த "கொடுத்துப் பார்த்தார்" என்பதிலேயே வந்துவிட்டன, முயற்சி பலிக்கவில்லை என்ற சாடை உட்பட. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும் எங்கள் மலையில் பனிக்கட்டியை உடைப்பது காலை வேலை. வாசகரை அந்தக் குழப்பத்தில் விடவும் வேண்டியதில்லை.

வினைக்கு அடுத்து, இரட்டித்து வருபவை: பொறுத்துப் பொறுத்து, யார் யாரோ, ஆளாளுக்கு. பிறகு "தான்", "ஏ" போன்ற சிறு ஒட்டுகள். "அது கடைசி வைக்கோலாக இருந்தது" என்ற தனி வாக்கியத்தின் அடியை, "அந்த ஒரு சொல்லில்தான்" என்பதில் இருக்கும் "தான்" தாங்கிக்கொள்ளும். இவை எதுவும் போதாதபோதுதான் மரபுத்தொடர். அதற்கும் பிறகு பழமொழி. ஒரு பத்தியில் ஆறு ஆங்கிலத் தொடர் இருந்தது என்பதற்காக ஆறு பழமொழி போட்டால், எல்லாரும் நாட்டாமைகளாகிப் பேச ஆரம்பித்துவிடுவார்கள்.

சொல்கிறவர் யார் என்பதையும் மறக்கக் கூடாது. எப்போதாவது நடப்பதற்கு "ஆடிக்கொரு தடவை, அமாவாசைக்கொரு தடவை" என்று சொல்கிறோம். ஊட்டியில் பங்களா கட்டிக் குடியிருந்த பழைய வெள்ளைக்காரர் ஒருவர் தன் தங்கைக்கு எழுதும் கடிதத்தில் அது வந்தால் இடிக்கும், ஆடி மாதத்தைக் கொண்டு கணக்கு வைப்பவர் அல்ல அவர். நான் ஒருமுறை அப்படிப்பட்ட இடத்தில் "குறிஞ்சி பூத்தாற்போல" என்று எழுதினேன். மலைக்கும் பொருத்தம், மண்வாசனையும் உண்டு என்று எனக்குப் பெருமை. பிரதியைப் படித்த மூத்த திருத்துநர் ஒருவர் ஓரத்தில் கேள்விக்குறி போட்டு அனுப்பினார். யோசித்தபோதுதான் தெரிந்தது. நீலக்குறிஞ்சி பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கணக்குத் தவறாமல் வரும். கொடைக்கானல் பக்கம் 2006இல் பூத்தது, மறுபடி 2018இல் பூத்தது. வந்தால் மலை முழுக்க ஒரே சமயத்தில் பூக்கும். சொல்ல வேண்டியதோ எப்போது என்று சொல்ல முடியாத, கண்ணில் படுவதே அரிதான ஒன்றை. அதற்கு "அத்தி பூத்தாற்போல" இருக்கிறது. அத்தியின் பூ காய்க்குள்ளேயே ஒளிந்திருக்கும், வெளியே தெரியாது. அதில் ஆடியும் இல்லை, அமாவாசையும் இல்லை, வெள்ளைக்காரர் வாயிலும் உறுத்தாமல் நிற்கும்.

எழுதியவர் தொடரைப் பிடித்துக்கொண்டு மேலே போயிருந்தால்

நம் பத்தியில் கடினமான இடம் படகு. "ஒரே படகில்" என்பதை மட்டும் மாற்றுவது சுலபம். "உங்க கதிதான் எனக்கும்" என்றால் வேலை முடிந்தது. ஆனால் முருகேசனின் பதில் அந்தப் படகின் மேல்தான் நிற்கிறது. உயிர்காப்பு அங்கி படகில் போகிறவர்களுக்கு உள்ளது. மேனேஜர் வாயில் "கதி" என்று வைத்துவிட்டு, பதிலில் அங்கியை விட்டால் அது அந்தரத்தில் தொங்கும்.

இந்த மாதிரி இடத்தில் இரண்டு வாக்கியங்களையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டு மாற்ற வேண்டும். பொருளை எழுதிப் பாருங்கள். எல்லாருக்கும் வரும் துன்பம் ஒன்று என்கிறான் ஒருவன். உனக்கு மட்டும் தப்பிக்க வழி இருக்கிறது என்கிறான் மற்றவன். இந்த இரண்டு பாதியும் உள்ள, தொழிலாளிக்கும் மேனேஜருக்கும் அன்றாடம் கண்ணில் படுகிற ஒரு படம் தேவை. எனக்கு இரண்டு நாள் பிடித்தது. "ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கிறோம்" என்று முயன்றேன். பந்தி விருந்தாகிவிட்டது, துன்பம் காணாமல் போயிற்று. பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபோது, தலையில் பிளாஸ்டிக் தாளைப் போட்டுக்கொண்டு மழையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். மேட்டில் குடையோடு மேஸ்திரி. "ஒரே மழையிலதான் நனையிறோம்." "உங்க கையில குடை இருக்கு."

இது அகராதியில் இருக்கும் மரபுத்தொடர் இல்லை என்பது எனக்குத் தெரியும். புதிதாகக் கட்டியதுதான். கட்டலாம், எழுதியவரே படத்தை நீட்டியிருக்கும் இடத்தில். கேட்ட மாத்திரத்தில் விளக்கம் இல்லாமல் புரிய வேண்டும். அடிக்குறிப்பு வேண்டியிருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

சேர்த்து வைத்துப் படிப்பது

தொடர்களைத் தனித்தனியாக மாற்றிய பிறகு பத்தியை ஒரே மூச்சில் படிக்க வேண்டும். நான் முதல் முறை எழுதியபோது, "மழை எப்படி, பிள்ளைகள் எப்படி என்று பேச்சுக் கொடுத்துப் பார்த்தார்" என்று தொடங்கியிருந்தேன். பின்னால் வரும் மழைக்கு இந்த மழை முன்கூட்டியே காவல் நின்று அதன் அடியைக் குறைத்தது. எடுத்துவிட்டேன்.

கடைசி வைக்கோலும் குளிர்ச்சியை இழப்பதும் ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியம். தமிழில் ஒரே வாக்கியத்தில் அடங்கிவிட்டன. தொடருக்குத் தொடர் எண்ணிக்கை சரியாக இருக்க வேண்டும் என்று பிடிவாதம் வேண்டாம். எழுவாயும் மாறும். ஆங்கிலத்தில் முருகேசன் எதையோ இழக்கிறான். தமிழில் முருகேசனுக்குப் பொறுமை போய்விடுகிறது. இப்படிக் "கு" வேற்றுமைக்குப் போனதும் அடுத்த வினைக்கு யார் எழுவாய் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், வாக்கியம் அங்கேதான் கால் இடறும். இத்தனைக்கும் பிறகு பத்தி இப்படி வந்தது:

"உள்ளே வந்த மேனேஜர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். எல்லார் மனத்திலும் ஓடியது ஒன்றுதான், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஃபேக்டரியை மூடப்போவதாக யார் யாரோ சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம் என்றார். 'என்ன இருந்தாலும் நாம எல்லாரும் ஒரே மழையிலதான் நனையிறோம்' என்றார். அதுவரை பொறுத்துப் பொறுத்துப் பார்த்த முருகேசனுக்கு அந்த ஒரு சொல்லில்தான் பொறுமை போய்விட்டது. 'உங்க கையில குடை இருக்கு தொரை' என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்."

கண்ணில் படுகிற படம் ஒன்றே ஒன்று, மழையும் குடையும். மற்றவையெல்லாம் வினையிலும் ஒட்டிலும் கரைந்துவிட்டன.

அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். சோதனை செய்யும்போது "புரிகிறதா?" என்று கேட்கக் கூடாது, எல்லாரும் புரிகிறது என்றுதான் சொல்வார்கள். "என்ன நடந்தது, சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அவர் சொன்னார்: "தொரைக்கு வேற எஸ்டேட் கெடைக்கும், இவங்கதான் லைனைக் காலி பண்ணணும். அதைத்தான் அந்தப் பையன் கேட்டுட்டான்." பத்தியில் லைனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. பிறகு ஒன்று கேட்டார்: "இது எப்ப நடந்தது? இப்ப யாரும் தொரைன்னு கூப்பிடறது இல்லையே, சார்னுதானே சொல்றாங்க." நான் கட்டிய பத்தியில் வருடம் எதுவும் இல்லை. அந்தச் சொல்லின் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.